யூடியூப் கேம் ஸ்ட்ரீம் சாட்டில் தினமும் கூடும் நண்பர்களுக்கு ஒரு மாடரேட்டரின் மடல்

வணக்கம். உங்கள் பெயர்களுக்கு நடுவே நீல ரெஞ்ச் அடையாளத்தோடு வருகிற ஆள் நான்தான். உங்கள் மெசேஜை அழித்ததற்காக என்னைத் திட்டியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை.

போன மாதம் ஓர் இரவு ஆட்டத்தின் கடைசி வட்டத்தில் மூன்றே பேர் மிச்சம். அந்த நேரம் பார்த்து நம் நீண்ட நாள் உறுப்பினர் ஒருவர் காசு கட்டி சூப்பர் சாட் அனுப்பினார்: 'அண்ணா, இன்னிக்கு ரிசல்ட், பாஸ் ஆயிட்டேன்.' பதில் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அதைவிடப் பெரிய தொகையில் இன்னொன்று வந்தது. அப்புறம் மூன்றாவது: 'காசு போட்டாதான் மனுஷனா? இப்ப போட்டும் கண்டுக்கலையே.' ஆட்டம் முடிந்து மூன்றையும் வரிசையாகப் படித்த ஸ்ட்ரீமருக்கு முகம் செத்துவிட்டது. அனுப்பியவர் அதற்குள் கிளம்பியிருந்தார்.

இதில் யார் மேலும் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அன்று திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும். நாம் பார்ப்பது சில நொடிகளுக்கு முன்பே நடந்து முடிந்த காட்சி. ஒளிந்திருக்கும் இடத்தை எதிரி ஸ்ட்ரீமைப் பார்த்தே கண்டுபிடிக்கக் கூடாது என்று அன்று 30 நொடி தாமதமும் வைத்திருந்தோம். அவர் பார்த்து, தட்டி, அனுப்பியபோது ஸ்ட்ரீமர் வேறொரு சுவருக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். 'இடது பக்கம் பார்' என்று கத்துகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். உங்கள் எச்சரிக்கை வந்து சேரும்போது அந்த எதிரி செத்திருப்பான், இல்லையென்றால் நம் ஆள் செத்திருப்பார். (கேட்காமல் யோசனை சொன்னால் அழிப்பேன்; கதை ஆட்டத்தில் முடிவைச் சொன்னால் யோசிக்காமலே அழிப்பேன்.)

சூப்பர் சாட்டில் நீங்கள் வாங்குவது ஒரு நிறத்தையும், மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தையும்தான். தொகை கூடினால் நேரம் கூடும், அதிகபட்சம் 5 மணி நேரம். பதில் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் தொகையும் முழுதாக ஸ்ட்ரீமர் கைக்குப் போவதில்லை. வரியும், ஐஃபோன் செயலி வழியாகப் போனால் ஆப் ஸ்டோர் கட்டணமும் கழிந்த பிறகு, மிச்சத்தில் 70 சதவீதம்தான் அவருக்கு. 'ஜாயின்' அழுத்தி எடுக்கும் மெம்பர்ஷிப்புக்கும் இதே பங்குதான். சப்ஸ்கிரைப் இலவசம், ஜாயின் மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றென்று நினைத்து அழுத்திவிட்டு, அடுத்த மாதம் என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. நிறுத்த வேண்டுமென்றால் youtube.com/paid_memberships பக்கத்துக்குப் போங்கள். கட்டிய மாதம் முடியும்வரை பெயருக்குப் பக்கத்தில் உறுப்பினர் பேட்ஜ் இருக்கும்.

என் யோசனை ஒன்றுதான்: மாதத்துக்கு இவ்வளவு என்பதை ஸ்ட்ரீம் ஓடாத நேரத்தில் முடிவு செய்யுங்கள். யாரோ பத்துப் பேருக்கு மெம்பர்ஷிப் பரிசளித்து, சாட் முழுக்க அவர் பெயரைக் கொண்டாடும்போது கை தானாகக் கார்டைத் தேடும். எனக்கே தேடியிருக்கிறது.

காசைவிடச் சிக்கலானது அந்த மூன்றாவது மெசேஜ். 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் தொலைக்காட்சி, வானொலி நேயர்களைப் பற்றி இதை எழுதிவிட்டார்கள். நேராக நம்மைப் பார்த்துப் பேசுபவரை நெருங்கியவராக உணர்கிறோம், ஆனால் அந்த உறவு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது என்றார்கள். அன்றைக்குத் திரையில் இருந்தவர் நேயரின் பெயரைச் சொன்னதில்லை. நம் ஸ்ட்ரீமர் சொல்கிறார். 'வா தம்பி, சாப்டியா?' என்று கேட்கிறார். அது நடிப்பில்லை, உண்மையான அன்புதான். ஆனால் அதே மணி நேரத்தில் நூறு பேரிடம் அப்படிக் கேட்கிறார். அவருடைய நாயின் பெயரிலிருந்து முதுகுவலி வரை நமக்குத் தெரியும். நம்மைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரு புனைபெயரும் பேட்ஜின் நிறமும். ரிசல்ட் வந்தால் முதலில் சொல்லத் தோன்றும் ஆள் இவர்தான் என்றால், இவர் வேறொருவரோடு சேர்ந்து ஆடினால் வயிறு எரிகிறதென்றால், இரண்டு நாள் ஸ்ட்ரீம் இல்லாததற்குக் காரணம் கேட்கும் உரிமை இருப்பதாகத் தோன்றினால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். சேனலை விட்டே போகச் சொல்லவில்லை. அந்தச் செய்தியை முதலில் உங்கள் பெயர் தெரிந்த ஒருவருக்குச் சொல்லிவிட்டு அப்புறம் சாட்டுக்கு வாருங்கள்.

அந்த உறுப்பினர் ஒரு வாரம் கழித்து வந்தார். மெம்பர்ஷிப் முடிந்து பேட்ஜ் போயிருந்தது. ஸ்ட்ரீமர் 'வாழ்த்துகள் தம்பி' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தாமதத்தோடு, 'நன்றி அண்ணா, ஜிஜி' என்று வந்தது. பிறகு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் மாடரேட்டர்