எழுதியவர் யார் என்பதை விழுக்காடு சொல்லாது: குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்கள், துறைத்தலைவர்கள், ஆய்வு நெறியாளர்கள் ஆகியோரின் மேலான கவனத்திற்கு,

வணக்கம்.

முதுகலை மாணவர்கள் ஒப்படைக்கும் ஆங்கிலத் திட்ட அறிக்கைகளை, இயந்திரம் எழுதியதா என்று ஊகிக்கும் மென்பொருளில் இட்டு, அது காட்டும் விழுக்காட்டை வைத்தே அறிக்கையைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் மாவட்டத்தில் பரவி வருகிறது. இந்த மாணவர்களின் ஆங்கிலத்தைப் பல ஆண்டுகள் திருத்திய ஆசிரியன் என்ற முறையில், அந்த விழுக்காடு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைத் தங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு நேர்வைச் சொல்கிறேன். குலசேகரம் பக்கத்து மாணவி ஒருவர், சிறு ரப்பர் தோட்டக்காரர்களின் வருமானம் பற்றிப் பொருளியல் துறையில் திட்ட அறிக்கை எழுதியிருந்தார். அதில் 72 விழுக்காடு இயந்திரத்தின் எழுத்து என்று அறிக்கை வந்ததால், முழுவதையும் திரும்ப எழுதச் சொல்லிவிட்டார்கள். எந்தெந்த வரிகள் நிறமிடப்பட்டிருந்தன என்று பார்த்தபோது காரணம் ஓரளவு துலங்கியது. முன்னுரையும் முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இயலும் ஏறத்தாழ முழுமையாக நிறமிடப்பட்டிருந்தன. தோட்டக்காரர்களிடம் கேட்டு எழுதிய இயலில், மழையில் வெட்டு நின்றுபோகும் நாட்களும் ஒட்டுப்பாலுக்குக் கிடைக்கும் விலையும் வரும் பத்திகளில், நிறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்தது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே.

இவ்வகை மென்பொருள்களில் பல, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று மொழி மாதிரி ஒன்றைக் கணிக்கச் செய்து, எழுத்தாளர் உண்மையில் எழுதிய சொல் அந்தக் கணிப்பிற்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதைப் பார்க்கின்றன. கணிப்போடு ஒத்துப்போகும் சொற்கள் தொடர்ந்து வந்தால் ‘பெர்ப்ளெக்சிட்டி’ எனப்படும் அளவு குறையும். குறைந்தால் இயந்திரத்தின் எழுத்தாக இருக்கலாம் என்று மென்பொருள் ஊகிக்கும். இயந்திரமும் பெரும்பாலும் வாய்ப்பு மிகுந்த சொற்களையே தெரிவு செய்வதால் இந்த ஊகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டுமே கற்ற ஒருவர் எப்படி எழுதுவார்? ‘இட் இஸ் அப்சர்வ்டு தட்’, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’, ‘பிளேஸ் எ வைட்டல் ரோல்’ என்று, பிழை வராது என உறுதியாகத் தெரிந்த தொடர்களைத்தான் எடுத்தாளுவார். பன்னிரண்டாம் வகுப்புக் கட்டுரையிலிருந்து அவர் மதிப்பெண் வாங்கியதே அந்தத் தொடர்களால்தான், அவற்றைக் கற்றுக் கொடுத்தவர்களும் நாம்தாம். அடுத்த சொல் எளிதில் ஊகிக்கக் கூடியதாக இருப்பது இங்கே பயிற்சியின் விளைவு. ஒட்டுப்பால் என்ற சொல் ஆங்கில வாக்கியத்தின் நடுவில் வரும் என்று எந்த மாதிரியும் எளிதில் எதிர்பார்க்காது. அந்தப் பத்திகள் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இது என் அனுமானம் மட்டுமல்ல. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை, ஏறத்தாழ 61 விழுக்காடு, இயந்திரத்தின் எழுத்தாகக் குறிக்கப்பட்டன. 89 கட்டுரைகளை ஏதேனும் ஒரு மென்பொருளாவது தவறாகக் குறித்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் இந்தத் தவறு மிகக் குறைவாகவே நேர்ந்தது. ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. அதே டோஃபெல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னபோது, தவறாகக் குறிக்கப்படும் அளவு ஏறத்தாழ 12 விழுக்காடாக இறங்கிவிட்டது. அதாவது, தானே எழுதிய மாணவர் சிக்கிக்கொள்கிறார். இயந்திரத்தை நாடி மெருகேற்றியவர் தப்பிவிடுகிறார். அதன்பின் மென்பொருள்கள் மாறியிருக்கின்றன என்பதையும், சில நிறுவனங்கள் இந்தக் குறையைக் களைந்துவிட்டதாகக் கூறுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் கல்லூரிகளில் பலர் பயன்படுத்துவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோவொரு தளத்தை. அது எதன்மீது சோதிக்கப்பட்டது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று கூறி 2023 ஜூலையில் விலக்கிக் கொண்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தனியே குறிப்பிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலான அநீதி அதிலிருந்துதான் பிறக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவு 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை உண்டு என்றும் வகுத்திருக்கிறது. அந்த 10 என்ற எண் நம் துறைகளில் நன்கு வேரூன்றிவிட்டதால், ஏஐ விழுக்காட்டையும் 10-க்குள் கொண்டுவாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறோம். இரண்டும் ஒரே இனம் அல்ல. ஒப்புமை அறிக்கை ஒரு வரியைக் காட்டி, அந்த வரி எந்த நூலில், எந்தக் கட்டுரையில் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே காட்டுகிறது. நெறியாளர் இரண்டையும் வைத்துப் படித்துத் தாமே முடிவு செய்யலாம், மாணவரும் மறுத்துப் பேசலாம். ஊக மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்க்க மூலம் என்று எதுவும் கிடையாது. அது காட்டும் 72 என்ற எண்ணும் எல்லா மென்பொருள்களிலும் ஒரே பொருள் தருவதில்லை: சிலவற்றில் அது சந்தேகத்துக்குரிய வாக்கியங்களின் பங்கு, சிலவற்றில் மென்பொருளின் நம்பிக்கை அளவு. மேலும், 10-க்குள் கொண்டுவரத் துடிக்கும் மாணவர், எழுத்தை ‘மனிதமயமாக்கித்’ தருவதாகச் சொல்லும் தளங்களைத் தேடிப் போகிறார். நேர்மையாக எழுதியவரை இயந்திரத்திடம் தள்ளுவது நாமே ஆகிறோம்.

தவறு சிறிதாக இருந்தாலும் அதன் விளைவு சிறிதல்ல என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு கல்லூரியில் 400 அறிக்கைகள் வருகின்றன, அவற்றுள் 20 மட்டுமே இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அந்த இருபதில் 16-ஐப் பிடிக்கிறது. நேர்மையான 380 அறிக்கைகளில் பத்தில் ஒன்றைத் தவறாகக் குறிக்கிறது. அப்போது குறிக்கப்பட்டவை மொத்தம் 54. அவற்றுள் 38 நேர்மையானவை. நெறியாளரின் மேசையில் இருக்கும் அந்த 54-இல் எந்த 16 உண்மையில் இயந்திரம் எழுதியவை என்று எண் சொல்லாது.

ஆகவே எழுத்து எப்படி உருவாயிற்று என்பதைப் பார்ப்பதே மேலான வழி. கூகுள் டாக்ஸில் எழுதினால் இது எளிது. கணினியில் கோப்பைத் திறந்து `File > Version history > See version history` என்று போனால், எந்த நாள் எந்த நேரத்தில் எந்த வரி சேர்ந்தது, எது அழிந்தது என்பது வரிசையாகத் தெரியும். பழைய பதிப்புகளைக் கூகுள் காலப்போக்கில் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடும் என்பதால், ஒவ்வோர் இயல் முடியும்போதும் `Name current version` மூலம் அதற்குப் பெயரிட்டு வைப்பது நல்லது. இதில் மாணவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. `Viewer` உரிமையோடு பகிர்ந்தால் நெறியாளருக்கு வரலாறு தெரியாது, `Editor` உரிமை தர வேண்டும். கோப்பை நகலெடுத்து அனுப்பினால் வரலாறு நகலோடு வராது. வேர்டு கோப்பாகப் பதிவிறக்கி அனுப்பினாலும் அப்படியே. நேரடியாக வேர்டில் எழுதுவோர் ஒன்டிரைவில் சேமித்தால் மட்டுமே `File > Info > Version History` பயன்படும். கணினியில் மட்டும் சேமிப்பவர்கள் நாளைக் குறித்துத் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நம் மாவட்டத்து நடைமுறை இதிலிருந்து விலகியது. பல மாணவர்கள் கையால் எழுதி, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு டிடிபி சென்டரில் கொடுத்துத் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், எழுதியவர் பெயரில் கடைக்காரரின் கணினிப் பெயர் இருக்கும். உருவான நாள் ஒப்படைப்பதற்கு முந்தைய நாளாக இருக்கும். முழு இயலும் ஒரே மாலையில் முளைத்ததுபோல் தோன்றும். இதை மட்டும் பார்க்கும் ஒருவர் மாணவரைக் குற்றவாளி என்றே நினைப்பார். குலசேகரத்து மாணவியின் கோப்பும் இப்படித்தான் இருந்தது. அவரிடம் எஞ்சியிருந்தது ஒரு நீளநோட்டு: தோட்டக்காரர் சொன்னவை தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பக்கம், அதன் எதிரே பென்சிலில் ஆங்கில வாக்கியங்கள், அவற்றின்மேல் அடித்தலும் அம்புக்குறிகளும். எந்தப் பதிப்பு வரலாற்றுக்கும் குறையாத சான்று அது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் படிக்கு உயிர் தருவது தேதிதான். ஒவ்வொரு சந்திப்பிலும் மாணவர் கொண்டுவரும் பக்கங்களில் நெறியாளர் சிவப்பு மையில் கையொப்பமிட்டு நாளைக் குறித்தால் அதுவே போதும். அது இயலாதபோது, எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அன்றைக்கே நெறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். படத்துக்குள் இருக்கும் நாள் விவரம் அதில் கழன்றுவிட்டாலும் செய்தி வந்த நாள் நிற்கும்.

இந்தப் பதிப்பு வரலாற்றுக்கும் எல்லை உண்டு. இயந்திரம் தந்ததைப் பார்த்து மெதுவாகத் தட்டச்சு செய்பவர் அழகான வரலாற்றை உருவாக்கிவிட முடியும். நேர்மையானவரின் கோப்பிலும் ஒரு பெரிய பத்தி திடீரென வந்து விழுந்திருக்கலாம். அவர் அதைச் செல்பேசிக் குறிப்பிலிருந்து ஒட்டியிருப்பார், அல்லது தமிழில் எழுதி மொழிபெயர்ப்பு மென்பொருளில் மாற்றியிருப்பார். மொழிபெயர்ப்பு அனுமதிக்கப்பட்டதா என்பதைத் துறை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அது தனிக் கேள்வி. வரலாறு இல்லாமை குற்றத்தின் சான்றாகவும் ஆகாது. ஐயம் மீந்தால் மாணவரை அமர வைத்து, அவர் எழுதிய பத்தி ஒன்றைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்: இந்த எண் எங்கிருந்து வந்தது, இந்த ஆசிரியரை ஏன் மேற்கோள் காட்டினாய், அந்தத் தோட்டக்காரர் இதை எப்படிச் சொன்னார் என்று. ஆங்கிலத்தில் கேட்டால் சோதிக்கப்படுவது அவரது பேச்சாங்கிலமாகிவிடும்.

வரும் கல்வியாண்டின் திட்ட அறிக்கை வழிகாட்டுதலில் மூன்று செய்திகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊக மென்பொருளின் விழுக்காட்டை மட்டும் வைத்து எந்த அறிக்கையும் திருப்பப்படாது. வரைவுகளை எந்த வடிவில் பாதுகாக்க வேண்டும் என்பது தலைப்பு ஒப்புதலாகும் நாளிலேயே மாணவருக்கு எழுத்தில் தரப்படும். ஐயம் எழுந்தால் நிறமிட்ட அறிக்கையின் படி மாணவரிடம் கொடுக்கப்பட்டு, அவருடைய வரைவுகளைப் பார்த்த பின்பே முடிவெடுக்கப்படும். இவ்வாண்டு ஏற்கெனவே திருப்பப்பட்ட அறிக்கைகளுக்கும் மூன்றாவதாகச் சொன்ன இந்த வாய்ப்பை வாய்மொழித் தேர்வுக்கு முன் அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில விரிவுரையாளர் ஒருவர்,
தக்கலை.