பழைய கணக்கரிடம் ஆவணங்கள் சிக்கியிருப்பதால், நோட்டீஸுக்குப் பதிலளிக்க 30 நாள் அவகாசம் கோரும் மனு

அனுப்புநர்:
உரிமையாளர்,
அட்டைப்பெட்டி தயாரிக்கும் தனிநபர் நிறுவனம்

பெறுநர்:
வரி மதிப்பீட்டு அலுவலர் அவர்கள்

பொருள்: விற்பனைத் தொகை வித்தியாசம் குறித்த விளக்க நோட்டீஸ் – பதிலளிக்கும் கெடுவை 30 நாள் நீட்டித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி பொருள் குறித்துத் தங்கள் அலுவலகம் அனுப்பிய நோட்டீஸ் (நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட நோட்டீஸுக்குப் பதிலளிக்கத் தாங்கள் கொடுத்த கெடு இன்னும் முடியவில்லை. கெடு முடிவதற்குள்ளேயே இந்த மனுவைக் கொடுக்கிறேன். நோட்டீஸை எதிர்த்து நான் எதுவும் சொல்ல வரவில்லை. கேட்ட கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல நாள் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் மாதாந்திர விற்பனை வரிக் கணக்குகளின் கூட்டுத்தொகை, அதே ஆண்டின் வருமான வரிக் கணக்கில் காட்டிய விற்பனையைவிட 6,40,000 கூடுதலாக இருப்பது ஏன் என்று நோட்டீஸ் கேட்கிறது. அந்த ஆண்டு முழுவதும் எங்கள் கணக்குகளை எழுதியவரும் இரண்டு வகைக் கணக்குகளையும் தாக்கல் செய்தவரும் அப்போதைய கணக்கர்தான். அவர் இப்போது எங்களிடம் இல்லை. தணிக்கை வேலைக்காக அவர் எடுத்துச் சென்ற பில் புத்தகங்கள், வவுச்சர் கோப்புகள், இருப்புப் பதிவேடு ஆகியவையும், கணினிக் கணக்கின் பேக்கப்பும் அவரிடமே இருக்கின்றன. எடுத்துச் சென்றபோது அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். தனக்குக் கட்டணப் பாக்கி இருப்பதாகச் சொல்லி அவர் ஆவணங்களைத் தர மறுக்கிறார். பாக்கி உண்டா இல்லையா என்பது எங்களுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம். அதைத் தங்கள் முன் வைத்து வழக்காட நான் வரவில்லை. ஆவணங்களைப் பட்டியலிட்டுத் திருப்பிக் கேட்டு அவருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதன் நகலும் அஞ்சல் ரசீதும் இணைப்பில் உள்ளன.

நோட்டீஸே எங்கள் கைக்குத் தாமதமாகத்தான் வந்தது. வரித் தளத்தில் எங்கள் பெயரில் பதிவாகியிருந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் கணக்கருடையவை. கணக்குத் தாக்கல் செய்பவரின் எண்ணைக் கொடுப்பது தொழிலில் வழக்கம். அதனால் நோட்டீஸ் வந்த தகவல் முதலில் அவருக்கே போயிற்று. இப்போது இரண்டையும் என் பெயருக்கு மாற்றிவிட்டேன். தங்கள் அலுவலகத்தின் அடுத்த தகவல் எதுவும் நேரே எனக்கு வந்து சேரும்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கையில் உள்ளதை வைத்துப் பார்த்தேன். 3,10,000 என்பது சரக்கு அனுப்புவதற்கு முன் வாடிக்கையாளர்களிடம் வாங்கிய முன்பணம். அது கையில் வந்த மாதத்திலேயே விற்பனை வரிக் கணக்கில் வந்துவிட்டது. சரக்கு அடுத்த ஆண்டில்தான் போனது என்பதால், வருமானக் கணக்கில் அந்த ஆண்டு விற்பனையில் அது சேரவில்லை. பணம் வந்த நாளை வங்கி ஸ்டேட்மென்ட் காட்டுகிறது. ஆனால் எந்த முன்பணம் எந்த பில்லில் கழிக்கப்பட்டது என்பதைப் பேரேட்டில்தான் பார்க்க முடியும். வெறும் வங்கி வரவை மட்டும் காட்டினால் அதையும் விற்பனை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த 2,05,000, ஈரம் பட்டும் அளவு மாறியும் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பெட்டிகளுக்கானது. எங்கள் கணக்கில் விற்பனையிலிருந்து இதைக் கழித்திருக்கிறோம். மாதாந்திரக் கணக்கில் கழித்ததாகத் தெரியவில்லை. இதற்கான கிரெடிட் நோட்டுகளின் அலுவலகப் பிரதிகள் கணக்கரிடம் உள்ளன. ஆனால் ஒவ்வொரு கிரெடிட் நோட்டின் மூலப்பிரதியும் அதைப் பெற்ற வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டும். அவர்களிடம் அதன் நகலும், அவர்கள் பேரேட்டில் எங்கள் கணக்குப் பக்கத்தின் கையொப்பமிட்ட பிரதியும் கேட்டு எழுதியிருக்கிறேன். சிலர் அனுப்பிவிட்டார்கள். வந்தவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மீதி 1,25,000 பற்றி உறுதியாக எதையும் இப்போது சொல்ல முடியவில்லை. பில்லில் சேர்த்து வாங்கிய வண்டி வாடகையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பில் தொகை முழுவதற்கும் வரி போட்டிருப்போம். கணக்கு எழுதும்போது வாடகைப் பகுதியை விற்பனையில் சேர்க்காமல் போக்குவரத்துச் செலவில் கழித்து எழுதியிருக்கலாம். போக்குவரத்துச் செலவுக் கணக்கின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பார்க்காமல் ஊகத்தை விளக்கம் என்று எழுதிக் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை. பிறகு பேரேடு வேறு மாதிரிச் சொன்னால், நான் முதலில் கொடுத்த சரியான விளக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கணக்கர் மனம் மாறும்வரை காத்திருக்க நான் நாள் கேட்கவில்லை. அவர் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டாலும் 30 நாளில் பதில் தர வழி செய்திருக்கிறேன். அந்த ஆண்டு முழுமைக்குமான வங்கி ஸ்டேட்மென்டை வங்கியின் முத்திரையோடு கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். தாக்கல் செய்த மாதாந்திரக் கணக்குகளை வரித் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். டெலிவரி சலான்களின் அடிக்கட்டைகள் கிடங்கிலேயே இருக்கின்றன. சரக்கு எந்தத் தேதியில் வெளியேறியது என்பதற்கு அவை போதும். லாரி உரிமையாளர்களின் வாடகை ரசீதுகளையும் திரட்டி வருகிறேன். இவற்றை வைத்து, புதிதாக அமர்த்திய கணக்கர் முன்பணம், சரக்குத் திருப்பம், வண்டி வாடகை ஆகிய மூன்று கணக்குகளை மட்டும் மறுபடி எழுதுகிறார். ஆண்டுக் கணக்கு முழுவதையும் திரும்ப எழுதுவதென்றால் மாதக்கணக்கில் ஆகும். தங்கள் கேள்விக்கு அது தேவையும் இல்லை. நேரம் பிடிப்பது வாடிக்கையாளர்களின் பேரேட்டுப் பிரதிகள் வந்து சேர்வதுதான், ஏனென்றால் அது எங்கள் கையில் இல்லை.

மதிப்பீட்டை முடிக்கத் தங்களுக்கும் ஒரு காலவரம்பு இருக்கும் என்பதை அறிவேன். அதனால்தான் ‘சில காலம்’ என்று பொதுவாகக் கேட்காமல், நோட்டீஸில் கண்ட கெடுவிலிருந்து 30 நாள் என்று கேட்கிறேன். அதற்குள் மூன்று இனங்களுக்கும் தனித்தனி விளக்கமும் ஆதாரமும் தாக்கல் செய்வேன். ஏதாவது ஒரு இனத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லையென்றால், கிடைக்கவில்லை என்றே எழுதிக் கொடுப்பேன். கணக்கரை அழைத்து ஆவணங்களைக் கேட்பது அவசியம் எனத் தாங்கள் கருதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆகவே, ஐயா அவர்கள் பதிலளிக்கும் கெடுவை 30 நாள் நீட்டித்துத் தருமாறும், அந்த நாள்வரை கையில் உள்ள பதிவை மட்டும் வைத்து ஒருதலையாக உத்தரவு பிறப்பிக்காமல் இருக்குமாறும், பதிலைத் தாக்கல் செய்தபின் நேரில் விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்பு அளிக்குமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். நீட்டித்த தேதியை எழுத்துமூலம் தெரிவித்தால் உதவியாக இருக்கும். இந்த மனுவில் உள்ள தொகைகள் தற்போது கிடைத்த ஆவணங்களை வைத்துச் சொன்னவை. இறுதிப் பதிலில் இவை மாறக்கூடும் என்பதையும், இதை எங்கள் இறுதி விளக்கமாகக் கொள்ள வேண்டாம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
உரிமையாளர்

இணைப்பு: நோட்டீஸ் நகல், கணக்கரின் ஒப்புகைச் சீட்டு நகல், அவருக்கு அனுப்பிய கடிதமும் அஞ்சல் ரசீதும், வங்கிக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், இதுவரை வந்த கிரெடிட் நோட்டு நகல்களும் வாடிக்கையாளர் பேரேட்டுப் பிரதிகளும், தாக்கல் செய்த மாதாந்திரக் கணக்குகளின் அச்சுப்பிரதி.