திருமணச் சான்றிதழ் கேட்காதீர்கள்: பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பணிபுரியும் பாதுகாப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். சட்டம் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அக்கா ஒருவரோடு ஒன்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தாள். லிவிங் டுகெதர் என்று ஊர் சொல்லும். இருவருக்கும் முன்பு திருமணம் ஆனதில்லை. ஒரு நாள் அவள் வேலைக்குப் போய்த் திரும்பியபோது வாசல் பூட்டு மாற்றப்பட்டிருந்தது. அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள், பாஸ்புக், தைராய்டு மாத்திரை எல்லாம் உள்ளே. மாடிப்படியிலேயே இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். அவர் போனை எடுக்கவில்லை. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாள்.

மறுநாள் உங்களில் ஒருவரிடம் போனோம். மனுவைப் படிக்கும் முன்பே கேள்வி வந்தது: "மேரேஜ் சர்டிபிகேட் எங்கம்மா? ரேஷன் கார்டுல பேர் இருக்கா?" இரண்டும் இல்லை என்றோம். "அப்ப இது இந்தச் சட்டத்துல வராது" என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் வரும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(f) பிரிவு திருமணத்தை மட்டும் சொல்லவில்லை. 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவு' என்றும் சொல்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று 2010-இல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அது கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கு. இருவரும் கணவன் மனைவி போல ஊருக்குத் தெரிய வாழ்ந்திருக்க வேண்டும். திருமண வயதும், மணம் செய்துகொள்ள வேறு சட்டத் தடை இல்லாத நிலையும் வேண்டும். விரும்பிச் சேர்ந்து கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சான்றிதழ் இல்லை. அது இருந்தால் அது திருமணமே ஆகிவிடுமே!

அக்காவிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. இருவர் பெயரிலும் போட்ட பழைய வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஒப்புதல் படிவத்தில் 'கணவர்' என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த நகலை நீட்டினோம். யாரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அந்தத் தாள் போதுமா போதாதா என்று மாஜிஸ்திரேட் சொல்லட்டும். நீங்கள் செய்ய வேண்டியது மனுவை வாங்கிக் குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதி அவருக்கு அனுப்புவதுதான். அந்த உறவு எப்படிப்பட்டது என்று தீர்ப்பளிப்பது உங்கள் வேலை இல்லை. மனுவை வாங்குங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம்.

நேரடியாக மாஜிஸ்திரேட்டிடமே போகலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வக்கீலுக்குப் பணமில்லாத பெண்களுக்காகத்தானே உங்கள் பதவியே வந்தது?

எல்லா லிவிங் டுகெதர் உறவும் இதில் அடங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆணுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பதைத் தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு 2013-இல் இந்திரா சர்மா வழக்கில் நிவாரணம் மறுக்கப்பட்டது. அது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் அக்காவின் கதை அதுவும் இல்லை.

சொத்து விஷயத்தில் அவள் நிலைமை இன்னும் மோசம். வீடு அவர் பெயரில். மாதம் 15,000 ரூபாய் வீதம் 48 மாதம் அவர் கணக்குக்கு அனுப்பியிருக்கிறாள். மொத்தம் 7,20,000 ரூபாய். வங்கிக் கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் போனது. இந்தச் சட்டம் அவளுக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தரலாம், மாதச் செலவுக்குப் பணமும் தரலாம், வீட்டின் மேல் சொத்துரிமையைத் தராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம் போனால், தன் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கிய சொத்தைக் கேட்க விடாத பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கலாம். கணவன் மனைவிக்கு அதில் விலக்கு உண்டு, இவளுக்கு இல்லை. நாளை அவர் உயில் எழுதாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இவள் வாரிசும் இல்லை. ஒன்பது வருடம் மனைவியாக வாழ்ந்தவளுக்குக் கையில் மிஞ்சுவது தங்கும் உரிமையும் ஜீவனாம்சமும்தான். அந்தக் கொஞ்சத்துக்கான வாசலையும் நீங்கள் பூட்டினால் அவள் எங்கே போவாள்?

முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் நீதிமன்றத்திடம் சொல்கிறது. எங்களுக்கு அந்த முதல் நாளே இன்னும் வரவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் ஒரே ஆளாக ஒரு மாவட்டத்தையே பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். திங்கட்கிழமை காலை அக்கா அதே மனுவோடு மறுபடி வருவாள். தயவுசெய்து அதை வாங்கி, தேதி போட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை