பொருளியல் விடைத்தாள் திருத்தம்: 3-ஆம் கேள்வியைக் கொஞ்சம் கவனிங்க

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளின் மாதிரித் தேர்வு விடைத்தாள்களை வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் பள்ளியிலேயே உட்கார்ந்து திருத்துகிறோம்.

3-ஆம் கேள்வி இதுதான்: 2018 கஜா புயல் மாதிரி ஒன்று வந்து பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் சாய்ந்தால் தேங்காய் விலை என்னவாகும்?

1. அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர வேண்டும். கேள்வியில் கொடுத்த கணக்குப்படி பழைய விலை 20 ரூபாயில் வாங்க வருவது 600 காய், இப்போது சந்தைக்கு வருவது 400 தான், அந்தப் பற்றாக்குறைதான் விலையை ஏற்றி 25 ரூபாயில் இரண்டும் 500 ஆகச் சேரும்.

2. "விலை ஏறியதால் தேவை குறைந்து தேவைக் கோடும் இடப்பக்கம் நகரும், விலை மறுபடி இறங்கும்" என்று நிறைய பேர் எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. 600 என்பது 500 ஆனது அதே தேவைக் கோட்டின் மேலேயே நடந்த நகர்வு, கோடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. படம் சரி, விளக்கம் தப்பு என்றால் படத்துக்கு மட்டும் போடுங்கள்.

3. ஆ பிரிவில் கல்யாண சீசனும் சேர்கிறது, அதனால் இங்கே தேவைக் கோடும் வலப்பக்கம் நகரும். விலை ஏறுவது நிச்சயம். விற்கும் அளவு கூடுமா குறையுமா என்பது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. "சொல்ல முடியாது" என்று காரணத்தோடு எழுதியவருக்கு முழு மதிப்பெண், மழுப்பல் என்று வெட்டிவிடாதீர்கள்.

4. சிவப்புப் பேனா நீங்களே கொண்டு வாங்க.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், கட்டு பிரிக்கணும்.