நம் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும், குழுவில் இருக்கும் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

குழுவுக்குப் புதிய விதிகள் வரப்போவதாகச் செயலாளர் அறிவித்திருக்கிறார். அவற்றை எழுதி முடிப்பதற்குள் இந்த மடலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பழைய விதிகள் குழுவின் விவரக்குறிப்பில் இன்னும் கிடக்கின்றன. நாகரிகமாகப் பேசவும், தேவையற்ற பதிவுகளைத் தவிர்க்கவும், பிறர் மனம் புண்படாமல் நடக்கவும் என்று மூன்று வரி. இவற்றை மீறிவிட்டோம் என்று நம்மில் ஒருவரும் என்றைக்கும் நினைத்ததில்லை. தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறவருக்கு அது தேவையற்ற பதிவாகத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டாரைப் பெயர் சொல்லித் திட்டுகிறவரும் தான் நியாயத்தைத்தான் கேட்பதாக நம்புகிறார். அனுப்பும் பொத்தானின் மேல் கட்டைவிரல் நிற்கும்போது ஆமா, இல்லையா என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ள முடிகிற விதியைத்தான் ஆட்கள் பின்பற்றுவார்கள். 'வீட்டு எண் போட்டிருக்கிறேனா?' என்பதற்குப் பதில் உண்டு. 'இது நாகரிகமா?' என்பதற்கு வீட்டுக்கு ஒரு பதில் வரும்.

நம் குழுவின் உண்மையான வியாதி சண்டை இல்லை, மியூட். சத்தம் தாங்காமல் பலர் குழுவை 'எப்போதும்' என்று மியூட்டில் போட்டுவிட்டார்கள். அதனால்தான் தொட்டி கழுவும் நாளில் தண்ணீர் நிற்கும் என்று முதல் நாளே அறிவித்தும், மறுநாள் காலையில் "முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை?" என்று கோபமாக எழுதுகிறார்கள். சொல்லியிருந்தோம். இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் ஒரு மருத்துவக் குறிப்புக்கும் நடுவில் சொல்லியிருந்தோம்.

ஆகவே முதல் வேலையாகக் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக் குழு. குழு அமைப்புகளில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று வைத்துவிட்டால் வேறு யாரும் அதில் எழுத முடியாது. தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், பூச்சிமருந்து அடிப்பது, கூட்டத் தேதி, இவை தவிர எதுவும் அங்கே வரக்கூடாது. நிர்வாகிகளின் நன்றி அறிவிப்பும் வரக்கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திதான் வருகிறது என்றால் அதை யாரும் மியூட் செய்ய மாட்டார்கள். இன்னொன்று பேச்சுக் குழு. வேண்டியவர்கள் இருக்கட்டும், வேண்டாதவர்கள் வெளியேறட்டும். வெளியேறினால் கோபித்துக்கொண்டு போனதாக யாரும் கதை கட்ட வேண்டாம்.

அறிவிப்பு எழுதும்போது செயலாளர் ஒன்றைக் கவனித்தால் நல்லது. என்ன நிற்கும், எந்த பிளாக்குக்கு, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, இந்த நான்கும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். பூட்டிய திரையில் தெரிவது அவ்வளவுதான். "நாளை" என்று எழுதாதீர்கள், "செவ்வாய், 14ஆம் தேதி" என்று எழுதுங்கள். இரவு பன்னிரண்டுக்கு மேல் படிப்பவருக்கு நாளை என்பது வேறு நாள். வேலை முடியும்வரை அந்தச் செய்தியைப் பின் செய்து வையுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்வு இருக்கிறது. அனுப்பிய செய்தியைச் சற்று அழுத்திப் பிடித்துத் தகவல் என்பதைத் திறந்தால், யார் படித்தார்கள், யாருக்கு வந்துசேர்ந்தும் படிக்கவில்லை என்று பெயர் பெயராகத் தெரியும். முதல் நாள் மாலை அந்தப் பட்டியலைப் பார்த்து, படிக்காத வீடுகளுக்கு மட்டும் காவலாளியிடம் சொல்லி இன்டர்காமில் பேசச் சொன்னால், "எனக்குத் தெரியாது" என்ற பேச்சே எழாது.

அடுத்து, எல்லாரும் எழுதுகிற செய்தி: புகார். விதிகளில் அதிக இடம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். நாம் எல்லாரும் பார்த்த மாதிரி ஒன்று சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ஒருவர், "தண்ணி வரல" என்று போடுகிறார். அடுத்து "எங்க வீட்லயும்தான்". அடுத்தவர், "எங்களுக்கு வருதே". ஒருவர் கோப முகம் போடுகிறார். ஒருவர் பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்று கேட்கிறார். பொருளாளர் பதில் சொல்கிறார். பேச்சு கணக்கு வழக்கில் இறங்கி, பார்க்கிங்கில் ஏறி, ஒன்பது மணிக்கு யாரோ குழுவை விட்டு வெளியேறுகிறார். பிளம்பர் வந்து நிற்கும்போது எந்த வீட்டில், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குழுவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தும் அவருக்குக் கிடைப்பதில்லை.

அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

"பி பிளாக், 3ஆம் மாடி, 302. காலை 6 மணி முதல் சமையலறைக் குழாயில் தண்ணீர் இல்லை. குளியலறையில் வருகிறது. நேர் கீழே 202இல் கேட்டேன், அங்கும் சமையலறையில் மட்டும் இல்லை. காவலாளியிடம் சொல்லியாயிற்று."

மாடித் தொட்டியிலிருந்து தனித்தனிக் குழாய்களாக இறங்கும் நம்முடையது போன்ற கட்டடத்தில், பிளம்பருக்கு இதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். குளியலறையில் வருகிறது என்றால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரைத் தொட வேண்டாம். மேலும் கீழும் ஒரே வரிசை வீடுகளில் சமையலறை மட்டும் நின்றிருக்கிறது என்றால் அந்த வரிசைக்கு இறங்கும் குழாயின் வால்வு மூடியிருக்கலாம், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். அவர் நேராக மொட்டை மாடிக்குப் போவார். 302இல் மட்டும்தான் இல்லை, மேலும் கீழும் வருகிறது என்றால் அது வீட்டுக்குள் இருக்கும் பழுது, சங்கத்தின் வேலையே இல்லை. பிளாக் முழுக்க எல்லாக் குழாயும் காய்ந்திருந்தால் மட்டும் தொட்டியையும் மோட்டாரையும் பார்க்க வேண்டும். கீழ்வீட்டில் ஒரு வார்த்தை கேட்பதற்கு ஆகும் ஒரு நிமிடம், பிளம்பரை மூன்று இடத்துக்கு அலையவிடாமல் காப்பாற்றுகிறது.

எனவே புகாருக்கு விதி இதுதான்: இடம், பொருள், எப்போது முதல், பக்கத்து வீட்டு நிலை, யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதே குறை உள்ளவர்கள் தனிச் செய்தி போடாமல், அந்தச் செய்திக்கே ரிப்ளை கொடுத்து வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் போதும். அனுதாபம் தெரிவிக்க விரும்புகிறவர்கள் செய்தியின் மேல் ஒரு ரியாக்‌ஷன் வைக்கலாம். அதன் மணி எழுதியவருக்கு மட்டுமே அடிக்கும். இரங்கலுக்கும் வாழ்த்துக்கும்கூட இதுவே வழியாக இருக்கட்டும். ஒரு மரணச் செய்திக்குக் கீழே அறுபது கைகூப்பல் வந்து விழுந்தால், அடக்கம் எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்த வரி மேலே எங்கோ போய்விடுகிறது. வேலை முடிந்ததும் புகார் கொடுத்தவரே "சரியாகிவிட்டது" என்று அதே செய்திக்கு ரிப்ளை போட வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. அதனால்தான் சரியான குழாய்க்காக மறுநாளும் ஒருவர் நியாயம் கேட்கிறார்.

ஆட்களைப் பற்றிய புகார் குழுவுக்கு வரவே கூடாது. வழிமறித்து நிற்கும் வண்டியின் படத்தை எண் பலகையோடு போடுவது, மாடியிலிருந்து குப்பை போட்ட பிள்ளையின் படத்தைப் போடுவது, கேமராப் பதிவை வெட்டி ஒட்டுவது எல்லாம் இதில் அடங்கும். பொது இடத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் பொது இடத்தில்தான் பதில் சொல்வார். வண்டியை எடுப்பது அதற்குப் பிறகுதான், சில நேரம் எடுக்கவே மாட்டார். முதலில் இன்டர்காம், அடுத்து தனிச் செய்தி, அதற்கும் மசியவில்லை என்றால் படத்தோடு செயலாளருக்கு. கேமராப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கு என்று சங்கம் தனியாக முடிவு செய்யட்டும், குழு அதற்கான இடமில்லை. பிள்ளைகள் முகம் தெரியும் எந்தப் படத்துக்கும் இதே கதிதான். விளையாட்டு விழாப் படமாக இருந்தாலும் பெற்றோரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

"பத்து நாள் வீட்டில் இருக்க மாட்டோம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குழுவில் எழுதாதீர்கள். காலி செய்துபோன வாடகைதாரர்களின் எண்கள் இன்னும் குழுவில் இருக்கின்றன, அவர்கள் கைபேசி இப்போது யார் கையில் என்று நமக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்கும் காவலாளிக்கும் சொன்னால் போதும். நிர்வாகிகள் மாதம் ஒருமுறை உறுப்பினர் பட்டியலை வீட்டு எண்ணோடு ஒப்பிட்டுப் போனவர்களை நீக்க வேண்டும். அதே கையோடு, இப்போது குடியிருக்கும் வாடகைதாரர்கள் எல்லாரையும் அறிவிப்புக் குழுவில் சேருங்கள். தண்ணீர் நிற்பது வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குத் தெரிந்து என்ன பயன்?

ஃபார்வர்ட் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. இரட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தி பலமுறை கைமாறி வந்தது என்று பொருள், அதைப் போடாதீர்கள். அவ்வளவுதான்.

இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை குழு தூங்கட்டும். அவசரம் என்றால்? அவசரத்துக்குக் குழு உதவாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் எச்சரிக்கை மணியை அழுத்துங்கள், காவலாளிக்கு போன் செய்யுங்கள், கதவை நெம்பாதீர்கள். புகை தெரிந்தால் தீயணைப்புத் துறையை அழைத்துவிட்டுக் கதவுகளைத் தட்டுங்கள். இந்த எண்களைக் குழுவின் விவரக்குறிப்பில், அந்தப் பழைய மூன்று வரிக்குப் பதிலாக எழுதிவையுங்கள்.

மீறினால் என்ன என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அட்மின் ஒரு செய்தியை நீக்கினால், நீக்கியவர் பெயர் அந்த இடத்தில் எல்லாருக்கும் தெரியும், அதுவே அடுத்த சண்டைக்கு விதை. ஆகவே முதலில் தனியாக, "இது எந்த விதியில் இடிக்கிறது, நீங்களே நீக்கிவிடுங்கள்" என்று எழுதுங்கள். அனுப்பியவர் இரண்டு நாளுக்கு மேலும் சற்று நேரம் வரை எல்லாருக்குமாக நீக்கலாம், எழுத்துப் பிழையை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். மறுநாளும் கேட்கவில்லை என்றால் அட்மின் நீக்கட்டும். மூன்றாம் முறை அவரைப் பேச்சுக் குழுவிலிருந்து ஒரு மாதம் எடுத்துவிடுங்கள். அறிவிப்புக் குழுவிலிருந்து மட்டும் எந்தக் காரணத்துக்கும், கட்டண பாக்கிக்காகக்கூட, ஒரு வீட்டையும் நீக்காதீர்கள். இந்த நடைமுறை முதல் வாரத்திலேயே ஒரு நிர்வாகியின் காலை வணக்கத்தின் மேல் பாய்ந்தால் மற்றவர்கள் வாய் பேசாமல் பின்பற்றுவார்கள். எந்த நிர்வாகி என்று நான் எழுதப்போவதில்லை.

பொதுக்குழுவில் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து வாக்கெடுங்கள், வர முடியாதவர்களுக்கு அதே கேள்விகளைக் குழுவில் வாக்கெடுப்பாகப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து, ஒரு தண்ணீர் நிறுத்த அறிவிப்பின் தகவலைத் திறந்து எத்தனை வீடுகள் படிக்காமல் விட்டிருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை குறையவில்லை என்றால் விதிகளை மாற்றி எழுதுவோம்.

இப்படிக்கு,
பி பிளாக்கில் குடியிருக்கும் ஒருவர்