காக்கைக்கு ஏழு கலம், தோழிக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் குறுந்தொகையின் 210ஆம் பாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கை சங்க காலத்திலேயே இருந்தது என்று காட்டுவதோடு கட்டுரை நின்றுவிட்டது. எனக்கு இது முதலில் வீட்டு வேலையைப் பற்றிய பாட்டு. எழுதியவரும் ஒரு பெண், காக்கை பாடினியார் நச்செள்ளையார். அந்த வழியாகவும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

பாட்டு ஆறே அடிதான்:

திண்தேர் நள்ளி கானத்து அண்டர்
பல்ஆ பயந்த நெய்யின் தொண்டி
முழுதுடன் விளைந்த வெண்ணெல் வெஞ்சோறு
எழுகலத்து ஏந்தினும் சிறிதுஎன் தோழி
பெருந்தோள் நெகிழ்த்த செல்லற்கு
விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே.

வள்ளல் நள்ளியின் காட்டில் ஆயர்களின் பசுக்கள் தந்த நெய். தொண்டி முழுதும் விளைந்த வெண்ணெல்லின் சூடான சோறு. இவற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும், என் தோழியின் தோளை நெகிழவைத்த துயர் தீர விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு அது கொஞ்சம்தான் என்கிறாள் தலைவியின் தோழி.

இங்கே கோத்தகிரியில் நாங்கள் ஐந்தாறு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடிச் சங்கப் பாட்டு படிப்பது வழக்கம். நள்ளியின் நாடு நீலகிரிப் பக்கம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வதால், எங்கள் ஊர்ப் பாட்டு என்ற ஆசையோடுதான் இதை எடுத்தோம். இரண்டாம் அடி வந்ததும், பல வருடம் மாடு வைத்திருந்த ஓர் அக்கா நிறுத்தினார். "பசு பால்தானே கொடுக்கும், நெய்யா கொடுக்கும்?" என்றார். அதற்கப்புறம் அன்று அந்த அடியை விட்டு நாங்கள் நகரவே இல்லை.

அவர் தன் அம்மாவின் வேலையைச் சொன்னார். எங்கள் குளிரில் பால் லேசில் தயிராகாது. உறை ஊற்றிய பானையைப் பழைய கம்பளியில் சுற்றி, அணைந்த அடுப்பின் ஓரத்தில் வைப்பார்களாம். இரவில் எழுந்து, அடுப்பு முழுக்க ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார்களாம். விடியலில் கடையும்போது வெண்ணெய் சீக்கிரம் திரளாது. வெந்நீர் கொஞ்சம் விட்டு மறுபடி கடைய வேண்டும். பிறகு வெண்ணெயை அலசி, சேர்த்துவைத்து, கருகாமல் உருக்க வேண்டும். ஒரு கிலோ நெய்க்கு 25 லிட்டருக்குக் குறையாமல் பசும்பால் வேண்டும். அத்தனை பாலும் இப்படிக் கைவழியாகத்தான் போக வேண்டும். பாட்டில் இது முழுதும் 'பயந்த' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டது.

நெல்லுக்கும் அதே கதைதான். தொண்டியில் விளைந்தது வெண்ணெல். அடுத்த சொல்லே வெஞ்சோறு. குத்தியது, புடைத்தது, உமி போக்கியது, உலை வைத்தது எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் மறைந்திருக்கின்றன. 'வெம்' என்ற சூட்டில் மட்டும்தான் அடுப்படியில் ஒருத்தி நின்றது தெரிகிறது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமாகும், வெந்த சோறு உடனே ஆறும். சோற்றைச் சூடாகத் தருவது தனி வேலை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கவிதை என்றால் சுருக்கத்தான் செய்யும், சொல்லாததை எல்லாம் மறைத்தார்கள் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வேலையைப் பாட முடியாமல் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் பறவைகள் எழும் நேரத்தில் எழுந்து, 'புலிக்குரல் மத்தம் ஒலிப்ப' தயிர் கடைகிறாள்; மோர் விற்கிறாள்; நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். அங்கே அவள் விற்க வெளியே போகிறாள், விலை பேசுகிறாள். அதனால் அவள் வேலை கண்ணில் படுகிறது என்பது என் எண்ணம். வீட்டுக்குள்ளேயே சமைத்து வீட்டுக்குள்ளேயே பரிமாறும்போது அது பசுவின் கொடையாகவும் நிலத்தின் விளைச்சலாகவும் மாறிவிடுகிறது. எங்கள் மலையில் தோடர் மரபில் கோயில் எருமைகளைக் கறப்பதும் கடைவதும் ஆண்களின் வேலை. பெண்கள் அந்தப் பாலைத் தொடுவதில்லை. கடைகிறவருக்குப் பூசாரி என்ற மதிப்பு உண்டு. மத்தைப் பிடிப்பது பெண்ணின் இயல்பு என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

இனி, உங்கள் கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்று. பாட்டின் அடியில் இருக்கும் கூற்றைக் காணோம்: "பிரிந்து வந்த தலைமகன், 'நன்கு ஆற்றுவித்தாய்' என்றாற்குத் தோழி உரைத்தது." அதாவது, தலைவன் திரும்பி வந்து, "நான் இல்லாதபோது அவளை நன்றாகத் தேற்றிவைத்தாய்" என்று தோழியைப் பாராட்டுகிறான். தேற்றுவதும் வேலைதான். சாப்பிடவைப்பது, அழும்போது பக்கத்தில் உட்காருவது, "இன்று காக்கை கத்தியது, கட்டாயம் வருவார்" என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வது. அந்த வேலைக்குக் கிடைத்தது ஒரு வாய்ச்சொல். அந்தப் பாராட்டையும் அவள் தனக்கு வைத்துக்கொள்ளாமல் காக்கைக்குக் கொடுத்துவிடுகிறாள்.

இதை அடக்கம் என்று விளக்குவார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. தோள் நெகிழ்ந்த துயரை அவள் அவனுக்கு எதிரிலேயே சொல்கிறாள். அது யாரால் வந்தது என்று அவனுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குரியவனையே 'விருந்து' என்கிறாள். விருந்து என்றால் புதிதாக வந்தவர். உன் பாராட்டு எனக்கு வேண்டாம், நீ இல்லாத நாளில் எங்களோடு இருந்தது இந்தக் காக்கைதான் என்று சொல்வதாகவே என் காதில் விழுகிறது. கூற்றுகள் பாடல்களைத் தொகுத்த பின் சேர்க்கப்பட்டவை என்று அறிஞர்கள் சொல்வார்கள். அதனால் தலைவனின் பாராட்டு நச்செள்ளையார் மனத்தில் இருந்ததா என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் விருந்து, நெகிழ்ந்த தோள் இரண்டும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

நச்செள்ளையார் உழைப்புக்கு விலை அறியாதவர் அல்லர். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியதற்காக, ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்று பதிகம் சொல்கிறது. தொண்டியும் சேரர் துறைமுகம்தான். பாட்டுக்குப் பொன் வாங்கிய ஒருவர், தேற்றும் வேலைக்கு ஒரு நாட்டின் நெய்யும் ஒரு துறைமுகத்தின் நெல்லும்கூடப் போதாது என்று கணக்குச் சொல்கிறார். பலி காக்கைக்கு என்கிறார். அந்த அளவு தோழி செய்ததன் அளவு என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டில் காக்கைக்கு வைத்த பிறகு ஆண்கள், அப்புறம் பிள்ளைகள், கடைசியில் அம்மா. அம்மா சாப்பிட்ட சோறு சூடாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஏழு கலத்தோடு எட்டாவதாகத் தோழிக்கு ஒன்று உண்டா என்று அன்று எங்களில் ஒருவர் கேட்டார். ஆறு அடியையும் மறுபடி படித்துப் பார்த்தோம். இல்லை.

ஒரு வேண்டுகோள். இனிச் சங்கப் பாடல்களை வெளியிடும்போது கூற்றையும் சேர்த்து அச்சிடுங்கள். யார் யாருக்கு, எதற்குப் பதிலாகச் சொன்னார் என்ற அந்த ஒரு வரி இருந்தால், மற்ற வாசகர்களும் இதை அவரவர் அடுப்படியில் வைத்துப் படித்துப்பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி