பெயர் அதே, பேட்டரி வேறு: உங்கள் ஸ்பிரேயர் விற்பனைப் பக்கம் குறித்துப் புகார்

குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரை உங்கள் இணையக் கடையில் வாங்கியவன் நான். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் ஊர், அப்பாதான் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் ஆட்கள் "பொருளின் போட்டோ அனுப்புங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போட்டோவில் தெரிகிற குறை இல்லை சார் இது, குறை உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

குறுவைக்கு முன்னால் ஸ்பிரேயர் வந்தது. உள்ளே இருந்தது லித்தியம் பேட்டரி, கூட வந்த சார்ஜரில் 12.6 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. நன்றாகவே ஓடியது. நடுவில் அந்த சார்ஜரின் ஒயரை எலி கடித்துவிட்டது. நாற்றும் நெல்லும் இருக்கிற வீட்டில் எலிக்கா பஞ்சம்! சரி, வெளியே கண்டதை வாங்கவேண்டாம், கம்பெனி சாமானே வாங்குவோம் என்று உங்கள் உதிரிப்பாகப் பக்கத்துக்குப் போனேன். ஸ்பிரேயரின் பெயரைப் போட்டு, "இந்த மாடலுக்கான அசல் சார்ஜர், எல்லா வருடத் தயாரிப்புக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தீர்கள். ஆர்டர் போட்டேன், ஊருக்கே வந்து சேர்ந்தது, சார்ஜர் பின்னும் ஸ்பிரேயரில் அப்படியே பொருந்தியது.

அப்பா ராத்திரி சார்ஜ் போட்டிருக்கிறார். விளக்கு பச்சையாகிறது, உடனே சிவப்பாகிறது, திரும்பப் பச்சை. கொஞ்ச நேரம் கழித்து டேங்கின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகுகிற வாடை. நல்லவேளை, அவர் தூங்கவில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டார். மறுநாள் மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற அண்ணனிடம் கொடுத்தோம். அவர் மீட்டரை வைத்த உடனே சொல்லிவிட்டார், "தம்பி, இது ஆசிட் பேட்டரி சார்ஜர், 14.4 காட்டுது."

உங்கள் கால்சென்டரில் பேசியவருக்கு இதில் என்ன பிரச்சினை என்றே விளங்கவில்லை, "ரெண்டுமே 12 வோல்ட்தானே சார்" என்றார். அவருக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். பேட்டரியின் மேல் 12 என்று எழுதுவது பெயருக்கு. இந்த லித்தியம் பேட்டரிக்குள் மூன்று செல் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரைதான் தாங்கும், ஆக மொத்தம் 12.6. அதில் 14.4 கொடுத்தால் ஒரு செல்லுக்கு 4.8 வரை ஏற்றப் பார்க்கிறது. உள்ளே இருக்கிற பாதுகாப்பு போர்டு வெட்டிவிடும், வெட்டியதால்தான் விளக்கு மாறி மாறி எரிந்தது. அந்தப் போர்டு பழுதானால் அப்புறம் தடுக்க எதுவும் கிடையாது. ஸ்பிரேயரை யாரும் வாசலில் வைத்து சார்ஜ் போடுவதில்லை, திண்ணையிலோ கூடத்திலோ, பக்கத்தில் வைக்கோலும் சாக்கும் கிடக்கிற இடத்தில்தான் போடுகிறோம்.

இதுவரை நடந்தது தப்பான சாமான் வந்த கதை. எனக்குக் கோபம் வந்தது இதற்குப் பிறகு.

நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறவன். நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் எடை கால் கிலோ மாறினாலே பழைய பக்கத்தைத் திருத்தமாட்டோம், புதுப் பக்கம், புதுப் பார்கோடு போடுவோம். அதனால் உங்கள் பக்கத்தைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. முதலில் 12 வோல்ட் 8 ஆம்பியர்-அவர் ஆசிட் பேட்டரி போட்டு விற்றிருக்கிறீர்கள். பிறகு லித்தியத்துக்கு மாறிவிட்டீர்கள், எடை குறையும், நல்ல மாற்றம்தான், முதுகில் சுமக்கிறவருக்குத் தெரியும். ஆனால் மாடல் பெயரை மாற்றவில்லை, பார்கோடை மாற்றவில்லை, அதே பக்கத்தில் தலைப்பில் மட்டும் "லித்தியம்" என்று சேர்த்திருக்கிறீர்கள். கீழே விவர அட்டவணையில் இன்றைக்கும் லெட் ஆசிட் 8 ஆம்பியர்-அவர் என்றே இருக்கிறது. நாலாவது படத்தில் பழைய பேட்டரி. விமர்சனம் எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரு மெஷினைப் பற்றியும் மீதிப் பேர் வேறொரு மெஷினைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், நட்சத்திரம் மட்டும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுகிறீர்கள். கேள்வி பதிலில் ஒருவர் "பழைய சார்ஜர் இதற்கு ஆகுமா" என்று கேட்டதற்கு உங்கள் பெயரிலேயே "ஆகும்" என்று பதில் கிடக்கிறது. அந்தப் பதில் எழுதிய காலத்தில் அது சரியாக இருந்திருக்கும், இப்போது அது வீட்டைக் கொளுத்தும் பதில்.

பார்கோடு ஒன்றாக இருந்தால் கிடங்கில் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எடுத்துக் கட்டுகிற பையனுக்கு ஸ்கேனர் "சரி" என்றுதான் சத்தம் போடும். பழைய பெட்டி கைக்கு வந்தால் பழையது போகும், புதுசு வந்தால் புதுசு போகும். வாங்குகிறவன் முன்கூட்டிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இணையத்தில் விற்கும் பாக்கெட் பொருளுக்கு விலை, அளவு, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் பக்கத்தில் காட்டவேண்டும் என்று சொல்கிற 2011 சட்டமுறை எடையளவு விதிகளே தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் மட்டும் விட்டுவிடலாம் என்கின்றன. அந்தச் சலுகைக்குப் பின்னால் நின்றுகொண்டு பழைய சரக்கைக் கலந்து தள்ளினால் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு விவரமே தெரியும்.

அப்புறம் அந்த அறிவிப்பு. நான் சார்ஜருக்கு ஆர்டர் போடுவதற்கு முன்பே உங்கள் கம்பெனி இணையதளத்தில், அடியில் "ஆதரவு" என்ற இடத்துக்குள் போய்த் தேடினால் கிடைக்கிற ஒரு பிடிஎஃப் போட்டிருக்கிறீர்கள். லித்தியம் மாடலுக்குப் பழைய சார்ஜரைப் பயன்படுத்தவேண்டாம், வைத்திருந்தால் மாற்றித் தருகிறோம் என்று அதில் இருக்கிறது. அதாவது ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் அதே சார்ஜரை அதே கம்பெனியின் இன்னொரு பக்கத்தில் "எல்லா வருடத்துக்கும் பொருந்தும்" என்று விற்றிருக்கிறீர்கள். எனக்கு எதுவும் அனுப்பவில்லையா என்று மெயிலைத் துழாவினேன். ஆடித் தள்ளுபடி மெயில்களுக்கு நடுவில் "உங்கள் பொருள் பற்றிய முக்கியத் தகவல்" என்று ஆங்கிலத்தில் ஒன்று இருந்தது. திறந்தால் என்ன பொருள் என்று இல்லை, என் ஆர்டர் எண் இல்லை, லேபிளில் எதைப் பார்க்கவேண்டும் என்று இல்லை, அந்தப் பிடிஎஃப்புக்கு ஒரு இணைப்பு மட்டும். தள்ளுபடிக்கு மட்டும் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிகிறது உங்களுக்கு.

நான் கேட்பது இவைதான்.

அந்த சார்ஜரின் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். எழுத்தைத் திருத்துவது பிறகு இருக்கட்டும், முதலில் எல்லாக் கிடங்கிலும் இருப்பைப் பூஜ்யமாக்குங்கள். நீங்கள் சரக்கு கொடுக்கிற மற்ற தளங்களிலும் அதே நேரத்தில் செய்யவேண்டும், ஏனென்றால் உங்கள் பக்கத்தை மூடினால் தேடுகிறவன் நேரே அங்கேதான் போய் விழுவான். கட்டி லாரியில் ஏறிவிட்ட பெட்டிகளையும் திருப்பி வரவழையுங்கள். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்பிரேயரை இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஆசிட் பேட்டரி மெஷின் மட்டமான சாமான் இல்லை, விலை குறைத்து, பழைய சரக்கு என்று சொல்லி, அதற்கான சார்ஜரோடு விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு பார்கோடு வேண்டும், கிடங்கில் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து லேபிள் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். கம்ப்யூட்டரில் மட்டும் பிரித்தால் பெட்டிகள் கலந்தபடியேதான் கிடக்கும். உதிரிப்பாகப் பக்கத்தில் மாடல் பெயரை எழுதிப் பிரயோஜனமில்லை, "உங்கள் பேட்டரி லேபிளில் லித்தியம் என்று இருந்தால் 12.6 வோல்ட் சார்ஜர், லெட் ஆசிட் என்று இருந்தால் மற்றது" என்று எழுதுங்கள். பழைய கேள்வி பதிலை அந்தந்தப் பக்கத்துக்குப் பிரித்துப் போடுங்கள், தப்பான பதிலை மறைக்காமல் "இது பழைய மாடலுக்கு மட்டும்" என்று கீழே எழுதுங்கள்.

வாங்கியவர்கள் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அந்த சார்ஜர் போன ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக, தமிழில், எஸ்எம்எஸ் போகட்டும்: எந்தப் பொருள், எந்த ஆர்டர், சார்ஜரின் முதுகில் எந்த எண்ணைப் பார்க்கவேண்டும், 14.4 என்று இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கவும், மாற்றிக்கொள்ள இந்த எண். முதல் வரியிலேயே "பிடுங்கவும்" என்பது இருக்கவேண்டும். பதில் வராதவர்களுக்குப் போன் போடுங்கள். எங்கள் பக்கம் ஆர்டர் போடுகிற எண் ஒருத்தருடையது, மெஷினைத் தோளில் மாட்டுகிறவர் வேறொருத்தர், போனில் பேசினால்தான் விஷயம் வயலுக்குப் போய்ச் சேரும். கடைகளுக்குக் கொடுத்த சரக்குக்கு அந்தந்தக் கடையிலேயே நோட்டீஸ் ஒட்டுங்கள், பில் இல்லாவிட்டாலும் சார்ஜரைக் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுங்கள்.

என் விஷயத்தில் சரியான சார்ஜரும் புதிய பேட்டரியும் வேண்டும். அன்றைய கூத்துக்குப் பிறகு அந்தப் பேட்டரி அரை ஏக்கர்கூடத் தாங்கவில்லை, இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்க வந்த ஆள் நடு வயலில் நின்றுவிட்டார், மீதிக்கு வாடகை ஸ்பிரேயர் எடுத்தோம், அந்த ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

2020 மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் நீங்கள் தெரிவிக்கவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கும் வந்த பொருளுக்கும் பொருத்தமில்லை என்றால் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது, "எலக்ட்ரிக் சாமான் ரிட்டர்ன் கிடையாது" என்ற உங்கள் ஆட்களின் பதில் செல்லாது. நடக்கவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவுசெய்வேன், அதற்கும் அசையாவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், உங்கள் தலைமை அலுவலக ஊருக்கு நான் வரவேண்டியதில்லை.

தப்பான சார்ஜரை உங்கள் கூரியர்காரரிடம் சும்மா கொடுத்துவிடமாட்டேன். லேபிள், சீரியல் எண், மீட்டர் காட்டிய அளவு எல்லாம் படமெடுத்திருக்கிறேன், இணைப்பில் பாருங்கள். வாங்கிக்கொண்டதாக எழுத்தில் கொடுக்கிற ஆளை அனுப்பினால் தருகிறோம். காலையில் பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் அப்பா வயலில் இருப்பார்.

இப்படிக்கு,
ஆர்டரில் உள்ள பெயருக்கு உரியவன்
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்

இணைப்பு: ஸ்பிரேயர், சார்ஜர் ஆர்டர் விவரங்கள், இரண்டு சார்ஜர் லேபிள்களின் படங்கள், உங்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வாடகை ரசீது.